விண்ணப்ப மின்னஞ்சலில் அந்த ஒரு விவரம் எங்கிருந்து வர வேண்டும்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை என் அக்கா மகள் ஒரு மின்னஞ்சல் வரைவை எனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கம்பெனி பேர மட்டும் மாத்தியிருக்கேன். சரியா இருந்தா இப்பவே அனுப்பிடுறேன்" என்றாள். சிங்கப்பூரில், சாங்கியில் உள்ள ஒரு விமானச் சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் மூன்றாண்டுகளாக வேலை செய்பவள் அவள். ஜூரோங்கில் குளிர்பதனக் கிடங்கு வைத்து, உறைய வைத்த கடலுணவை இறக்குமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று, இறக்குமதி ஆவணங்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்தது. வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், தங்களது புகழ்பெற்ற நிறுவனத்தில் இறக்குமதி ஆவண நிர்வாகி பணிக்கு விண்ணப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். நான் கடின உழைப்பும் நல்ல தகவல் தொடர்புத் திறனும் உடையவள். தனியாகவும் குழுவாகவும் பணியாற்றக் கூடியவள். தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என் பங்கை அளிக்க விரும்புகிறேன். என் தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன். தங்களது சாதகமான பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பணியின் பெயரை நீக்கிவிட்டு ஒரு வங்கிக்கோ பல் மருத்துவமனைக்கோ அனுப்பினாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. சரக்குத் துறையில் இருந்த காலத்தில் என் பிரிவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் சில ஆண்டுகள் இருந்தது. இப்படிப்பட்ட மின்னஞ்சல்களில் நான் இணைப்பைத் திறப்பேனே தவிர, மின்னஞ்சலைப் படித்ததில்லை. அதாவது அந்த மின்னஞ்சல் கெடுதல் செய்யவில்லை, வேலையும் செய்யவில்லை. அன்று இரவே அனுப்ப வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். விளம்பரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது, எவ்வளவு மாற்றுவது என்பது. பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது ஒரு வழி. அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு நாளில் பதினைந்து இடங்களுக்கு அனுப்புபவர்களுக்கு வேறு வழியும் இல்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முதல் சொல்லிலிருந்து புதிதாக எழுதுவது இன்னொரு வழி. அது மேலானது போலத் தெரிந்தாலும், மூன்றாவது மின்னஞ்சலிலேயே களைப்பு தட்டிவிடும். அதோடு, புதிதாக எழுதும்போதெல்லாம் புதிய பிழைகளும் வரும். வேலையை விட்டு வரத் தேவையான அறிவிப்புக் காலம், தொடர்பு எண் போன்ற கட்டாய விவரங்கள் விடுபட்டுப் போகும். மூன்றாவது வழி, மாறாத பகுதியை ஒருமுறை நன்றாக எழுதி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பத்தியை மட்டும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக எழுதுவது. நான் இந்த மூன்றாவதைத்தான் பரிந்துரைப்பேன். மாறும் பத்தியில் முதலாளியைப் பற்றிய உண்மையான விவரம் ஒன்று இருக்க வேண்டும். அந்த விவரம் விண்ணப்பதாரர் செய்த வேலை ஒன்றோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். ஒன்று போதும். மூன்று விவரங்களை அடுக்கினால், படிப்பவருக்குத் தன்னை யாரோ பின்தொடர்ந்து நோட்டம் பார்த்தது போலத் தோன்றும்.

அந்த ஒரு விவரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. எங்கள் முன் நான்கு இடங்கள் இருந்தன: நிறுவனத்தின் வலைத்தளம், செய்தி, வேலை விளம்பரம், அவள் தானே கண்ணால் பார்த்தது. ஐந்தாவதாக ஒன்றை அவளே சொன்னாள். ஆள் எடுக்கும் மேலாளரின் சமூக ஊடகப் பக்கத்தில், அவர் அண்மையில் நெடுந்தூர ஓட்டம் ஓடிய படம் இருந்ததாம். அதை உடனே ஒதுக்கினோம். அது முதலாளியைப் பற்றிய விவரம் அன்று. ஒரு மனிதரின் ஓய்வு நாளைப் பற்றியது.

எல்லாரும் முதலில் போய் நிற்கும் இடம் வலைத்தளம். 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்தால் தரம், நேர்மை, புத்தாக்கம் என்று மூன்று சொற்கள் இருக்கும். அவற்றை எடுத்து, "தரத்தின் மீதான தங்கள் பற்று என்னைக் கவர்ந்தது" என்று எழுதிவிடுவோம். இதில் உள்ள சிக்கல் அது பொய் என்பதன்று. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொன்ன புகழுரையை அதனிடமே திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நிறுவனம் தொடங்கிய ஆண்டும் இப்படித்தான். சிங்கப்பூரில் பதிவான உள்ளூர் கம்பெனி ஒன்றின் தனித்துவ அடையாள எண்ணில் முதல் நான்கு இலக்கங்களே அது பதிவான ஆண்டு; பில்லின் அடியில் உள்ள எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெரிந்துகொள்ளச் சுவையான செய்தி. ஆனால் "1994 முதல் இயங்கி வரும் தங்கள் நிறுவனம்" என்று எழுதினால், அது அவர்களுக்கு முன்பே தெரியும். எழுதியவரைப் பற்றி எதையும் அது சொல்லவில்லை. வலைத்தளத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. நான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பெயரைப் போலவே பெயர் கொண்ட வேறொரு நிறுவனம் வாங்கிய விருதைப் பாராட்டி ஒருவர் எழுதியிருந்தார். நல்ல அனுபவம் உள்ளவர்தான்; இருந்தாலும் ஆவண வேலைக்கு விண்ணப்பித்தவர் பெயரைச் சரிபார்க்கவில்லை என்பது மனத்தில் தங்கிவிட்டது. வலைத்தளத்தில் பயன்படக் கூடியது பெரும்பாலும் முகப்பில் இருப்பதில்லை. எந்தெந்தப் பொருள், எந்தெந்த நாட்டிலிருந்து, எத்தனை கிடங்கு என்று உள்ளே எங்கோ இருக்கும் பட்டியலில்தான் இருக்கும்.

செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், அது வெளியிட்ட ஆண்டறிக்கையும் அறிவிப்புகளும் எவரும் படிக்கக் கிடைக்கும். அங்கிருந்து நல்ல விவரம் எடுக்கலாம். ஜூரோங் நிறுவனம் குடும்பத்தார் நடத்தும் தனியார் நிறுவனம். அதைப் பற்றிச் செய்தியே இல்லை. இருந்ததெல்லாம் துறையைப் பற்றிய செய்தி. செனோக்கோ மீன்பிடித் துறைமுகம் 2024-இல் மூடப்பட்டு, அதன் செயல்பாடுகள் ஜூரோங்குக்கு மாறியதை அவள் குறிப்பிட நினைத்தாள். உண்மையான செய்திதான். ஆனால் அது கடலுணவுத் துறையில் உள்ள எல்லாருக்கும் பொது; இந்த நிறுவனத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உறைந்த இறாலைக் கொள்கலனில் இறக்குபவருக்கு அந்த மாற்றத்தால் என்ன ஆயிற்று என்று நேர்முகத்தில் திருப்பிக் கேட்டால் அவளிடம் பதிலும் இல்லை. நிறுவனத்தைப் பற்றிச் செய்தி இருந்து, அது அபராதமோ விபத்தோ ஆட்குறைப்போ என்றால், அதையும் தொடக் கூடாது.

வேலை விளம்பரத்தைப் பலர் விவரம் எடுக்கும் இடமாகவே எண்ணுவதில்லை. தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் படிக்கிறார்கள். நான் அவளிடம் விளம்பரத்தை அச்செடுக்கச் சொல்லி, எந்த நிறுவனமும் போடக்கூடிய வரிகளைப் பென்சிலால் அடிக்கச் சொன்னேன். பதினொரு வரிகளில் ஒன்பது அடிபட்டன: நேரத்துக்கு வேலை முடித்தல், மேலாளர் கொடுக்கும் பிற பணிகள், மைக்ரோசாஃப்ட் எக்செல் என்று வழக்கமானவை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அரை நாள் வேலை. இன்னொன்று, சரக்கு கிளம்புவதற்கு முன்பே ஏற்றுமதியாளரிடமிருந்து சுகாதாரச் சான்றிதழின் நகலைப் பெற்றுச் சரிபார்த்தல். இரண்டாவது வரியைப் படித்தவுடன் எனக்கு ஒன்று புரிந்தது. 'கிளம்புவதற்கு முன்பே' என்று ஒருவர் விளம்பரத்தில் எழுதுகிறார் என்றால், கிளம்பிய பிறகு பார்த்து மாட்டிக்கொண்ட அனுபவம் அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இது என் ஊகம். மின்னஞ்சலில் எழுதக் கூடியதன்று. ஆனால் எந்த இடத்தில் அவர்களுக்கு வலி என்று அது காட்டுகிறது.

விளம்பரத்தின் குறை என்னவென்றால், அதே வரியை விண்ணப்பிக்கும் எல்லாரும் படிக்கிறார்கள். அதை அப்படியே நகலெடுத்து, "சுகாதாரச் சான்றிதழைச் சரிபார்ப்பதில் எனக்கு அனுபவம் உண்டு" என்று எழுதுபவர்களும் இருப்பார்கள். பொய் சொல்லவில்லை என்றாலும் அது எதிரொலி போல ஒலிக்கும்.

நான்காவது இடம் தற்செயலாகக் கிடைத்தது. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா குளிர்பெட்டியின் மேல் தட்டிலிருந்து இறால் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சிங்கப்பூரில் பொட்டலமிட்டு விற்கும் இறக்குமதி உணவில், அது வந்த நாட்டையும் உள்ளூர் இறக்குமதியாளர் அல்லது விநியோகிப்பாளர் பெயர், முகவரியையும் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. பின்புறத்தில் பனியைத் துடைத்துவிட்டுப் படித்தால், அவள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் பெயர்! அதைவிட முக்கியமானது முன்புறத்தில் இருந்தது: தோலுரித்து, சமைத்து, உறைய வைத்த இறால், வந்த நாடு வியட்நாம்.

சமைத்தது என்ற அந்த ஒரு சொல் ஆவண வேலையில் இருப்பவருக்குப் பெரிய சொல். கடலுணவு இறக்குமதிக்கு உரிமமும், ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற இணைய அமைப்பு வழியாகப் பெறும் பெர்மிட்டும் வேண்டும். அதற்கு மேல், சமைத்து உறைய வைத்த இறாலையும் நண்டு இறைச்சியையும், உறைய வைத்த சிப்பி போன்ற சிலவற்றையும் சிங்கப்பூர் உணவு அமைப்பு இடர் கூடியவையாக வகைப்படுத்தி, ஏற்றுமதி நாட்டு அதிகாரிகள் தரும் சுகாதாரச் சான்றிதழ் சரக்கோடு வர வேண்டும் என்கிறது. பச்சையாக உறைய வைத்த சாதாரண இறாலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆக, விளம்பரத்தில் இருந்த அந்த வரிக்குக் காரணம் மேசைமேல் இருந்தது. அவள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். விமானத்தில் வரும் கடலுணவுக்கு அவளும் இதே சான்றிதழ்களைப் பார்த்தவள். சான்றிதழில் உள்ள எடையும் ஆலையின் எண்ணும் இன்வாய்ஸோடு பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்டேன். இந்த வாக்கியத்தில் நிறுவனத்தின் பெயரை மாற்றினால் அது பொய்யாகிவிடுமா? இதிலிருந்து அவள் செய்த வேலைக்கு ஒரே எட்டில் போக முடியுமா? நேர்முகத்தில் இதைப் பற்றி மூன்று நிமிடம் கேட்டால் அவளால் பேச முடியுமா? வலைத்தளப் புகழுரை முதல் கேள்வியிலேயே விழுந்தது. துறைமுகச் செய்தியும் அங்கேயே விழுந்தது. அதைத் தாண்டியிருந்தாலும் மூன்றாவதில் விழுந்திருக்கும். விளம்பர வரி இரண்டாவதையும் மூன்றாவதையும் நன்றாகத் தாண்டியது. முதலாவதில் கொஞ்சம் தடுமாறியது, ஏனென்றால் வேறொரு கடலுணவு நிறுவனமும் அந்த வரியைப் போட்டிருக்கலாம். பொட்டலம் மூன்றையும் தாண்டியது. ஆனால் பொட்டலத்தை மட்டும் எழுதினால், "உங்கள் இறாலை வீட்டில் சாப்பிடுகிறோம்" என்ற வாடிக்கையாளர் கடிதமாகிவிடும். ஆகவே விவரத்தைப் பொட்டலத்திலிருந்தும், அதற்கான காரணத்தை விளம்பரத்திலிருந்தும் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அவள் எழுதிய முதல் வடிவத்தில் பொட்டலக் கதை ஆறு வரிக்கு ஓடியது; அக்காவின் இறால் தொக்குகூட அதில் இருந்தது. வெட்டி வெட்டி, கடைசியில் நின்றது இது:

> வணக்கம். விளம்பரத்தில் குறிப்பிட்டுள்ள இறக்குமதி ஆவண நிர்வாகி பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> தாங்கள் இறக்குமதி செய்யும் சமைத்த வியட்நாம் இறாலின் பொட்டலத்தை அண்மையில் பார்த்தேன். சரக்கு கிளம்புமுன் சுகாதாரச் சான்றிதழைச் சரிபார்ப்பதை விளம்பரம் ஏன் தனியாகச் சொல்கிறது என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. என் இப்போதைய வேலையில் விமானம் வழி வரும் கடலுணவுக்கு இதே சான்றிதழ்களை நான் பார்க்கிறேன். எடையும் ஆலை எண்ணும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகின்றனவா என்று முதல் நாளே ஒப்பிட, எங்கள் பிரிவுக்காக ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளைத் தயாரித்தேன். இப்போது பிரிவில் உள்ள நால்வரும் அதையே பயன்படுத்துகிறார்கள்.
>
> டிரேட்நெட்டில் பெர்மிட் விண்ணப்பிப்பதில் மூன்றாண்டு அனுபவம் உண்டு. சனிக்கிழமை வேலை எனக்கு ஏற்புடையது. அறிவிப்புக் காலம் ஒரு மாதம். தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

பழைய வரைவிலிருந்து இதில் தப்பிப் பிழைத்தது தன்விவரக் குறிப்பைப் பற்றிய வாக்கியம் மட்டுமே. 'கடின உழைப்பு', 'குழு', 'பெருமகிழ்ச்சி' எல்லாம் போயின. அவை சொல்ல நினைத்ததைச் சரிபார்ப்புத் தாள் சொல்லிவிட்டது. சனிக்கிழமை பற்றிய வரி சின்னதுதான். ஆனாலும் விளம்பரத்தைக் கடைசிவரை படித்தவள் என்பதை அது காட்டுகிறது. ஆள் எடுப்பவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. 'ஏன் என்பது புரிந்தது' என்று எழுதியதையும் கவனிக்க வேண்டும். 'தங்களுக்குச் சான்றிதழில் சிக்கல் இருப்பதாகத் தெரிகிறது' என்று அவள் முதலில் எழுதியிருந்தாள். அது எங்கள் ஊகம். தவறாக இருந்தால் அவமதிப்பாகவும், சரியாக இருந்தால் இன்னும் பெரிய அவமதிப்பாகவும் போய்விடும்.

அந்த விவரத்தை எங்கே வைப்பது என்பதிலும் சிறு விவாதம் நடந்தது. தலைப்பு வரியிலேயே இறாலைக் கொண்டுவர அவள் ஆசைப்பட்டாள். நான் ஒப்பவில்லை. தலைப்பு வரி ஆள் எடுப்பவர் பின்னால் தேடிக் கண்டுபிடிப்பதற்கு உரியது. அதில் பணியின் பெயர், விளம்பர எண், விண்ணப்பிப்பவர் பெயர் இருந்தால் போதும். எந்தப் பணிக்கு என்று முதல் வாக்கியம் சொல்லட்டும், விவரம் அதற்கு அடுத்த வாக்கியத்தில் வரட்டும். கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறப்பவர் விரலால் தள்ளாமலே பார்க்கும் பகுதி ஏறக்குறைய அவ்வளவுதான்.

அனுப்புவதற்கு முன் அவள் அதைத் தனக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்தாள். நல்ல வேளை. 'இறக்குமதி ஆவண நிர்வாகி' என்ற பணியின் பெயரை விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்ததால், அந்த மூன்று சொற்கள் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில், சாம்பல் நிறத்தில் நின்றன. அவள் கணினித் திரையில் அது தெரியவில்லை. கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தனக்கென எழுதிய மின்னஞ்சலை வார்ப்புரு என்று காட்டிக்கொடுக்க அந்த மூன்று சொற்கள் போதும். ஒட்டும்போது `Ctrl+Shift+V` அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் வடிவமைப்பு இல்லாமல் எழுத்து மட்டும் ஒட்டும். முடியாவிட்டால் கையால் தட்டச்சு செய்துவிடுவதே பாதுகாப்பு.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வேலைவாய்ப்பு முகவை போடும் விளம்பரங்களில், "எங்கள் வாடிக்கையாளர், ஒரு முன்னணி நிறுவனம்" என்று மட்டும் இருக்கும். அடியில் முகவையின் உரிம எண் இருக்கும், முதலாளியின் பெயர் இருக்காது. யாரென்று ஊகித்துப் பெயரைப் போடுவது ஆபத்து. அங்கே விளம்பர வரி ஒன்றே கையில் இருப்பது, அதை வைத்துத்தான் எழுத வேண்டும். அரசாங்க அமைப்புகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இணையப் படிவம் மட்டுமே இருந்தால், இப்படி ஒரு பத்திக்கு இடமே இல்லாமல் போகலாம். மற்றபடி, கண்ணால் பார்க்கும் விவரம் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு எளிது. கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்குப் பொட்டலம் கிடையாது. அத்தகைய இடங்களில் அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுவது அதற்கு ஈடாகும். அவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் அதை அனுப்பினாள். புதன்கிழமை செயல்பாட்டு மேலாளரே அழைத்து, எந்த அளவுப் பொட்டலத்தைப் பார்த்தாள் என்றும், அந்தச் சரிபார்ப்புத் தாளை நேர்முகத்துக்குக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டாராம். தாள் அவள் இப்போதைய நிறுவனத்துக்குச் சொந்தமானது, ஆகவே அதைக் காட்ட முடியாது, ஆனால் எந்தெந்தப் புள்ளிகளை ஒப்பிடுவாள் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் காட்ட முடியும் என்று சொல்லியிருக்கிறாள். நேர்முகம் அடுத்த செவ்வாய்க்கிழமை. இதற்கிடையே பாசிர் பாஞ்சாங்கில் உள்ள இன்னொரு நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்க உட்கார்ந்தவள், முதல் பத்தியையும் மூன்றாவதையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுப்பத்தியை மட்டும் முழுவதும் அழித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் விளம்பரத்தை அச்செடுத்துப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.